திரையில் 1 டாலர், கைக்கு வரும்போது 1.04

சின்ன கிரிப்டோ காயின் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது திரையில் பெரிதாகத் தெரியும் விலையைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. யாரோ 5 காயின் வாங்கியிருக்கலாம். உங்களுக்கு 2,000 காயினை அதே விலைக்குத் தர ஆள் இருக்கிறதா என்பது, காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புக்கில்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விற்பவர்கள் பக்கத்தில் 1.00 டாலருக்கு 400 காயின், 1.01-க்கு 300, 1.03-க்கு 500, 1.08-க்கு 800 என்று வரிசையாக நிற்கின்றன. நீங்கள் 2,000 காயினுக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறீர்கள். ஆர்டர் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு 1.08 வரை ஏறும். மொத்தச் செலவு 2,082 டாலர், சராசரி 1.041. இந்த 4.1 சதவீத வித்தியாசம்தான் ஸ்லிப்பேஜ். எக்ஸ்சேஞ்ச் ஏமாற்றிவிட்டது என்று பலர் கோபப்படுவார்கள். ஆனால் மார்க்கெட் ஆர்டருக்கு அர்த்தமே ‘எந்த விலையானாலும் சரி, இப்போதே வாங்கு’ என்பதுதான்.

இதைவிடப் பெரிய தவறு, வாங்கும்போது வெளியே வரும் வழியைப் பார்க்காமல் விடுவது. அதே நேரத்தில் வாங்குபவர்கள் பக்கத்தில் 0.99-க்கு 350, 0.97-க்கு 400, 0.94-க்கு 600, 0.90-க்கு 650 காயின்தான் கேட்கிறார்கள் என்று வையுங்கள். வாங்கிய 2,000 காயினை உடனே விற்றால் கைக்கு வருவது 1,883.50 டாலர். செய்தி எதுவும் வரவில்லை, சந்தை விழவும் இல்லை. போய்த் திரும்பியதில் மட்டும் சுமார் 9.5 சதவீதம் போயிற்று. கட்டணம் தனி.

பெரிய காயின்களில் இப்படி நடப்பது அரிது. அங்கே பல மார்க்கெட் மேக்கர்கள் போட்டி போட்டு விலை வைப்பதால், ஒரு படி காலியானால் இன்னொருவர் உடனே நிரப்புவார். சின்ன காயினில் பெரும்பாலும் ஒன்றிரண்டு தானியங்கி நிரல்கள்தான் விலை வைத்துக்கொண்டிருக்கும். வாங்கிய சரக்கை வேறிடத்தில் தள்ளிவிட அவற்றுக்கும் வழி குறைவு. அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அகலமாக வைத்து, அளவைக் குறைவாக வைக்கும். விலை கொஞ்சம் ஆடினால் ஆர்டரை எடுத்துவிட்டுப் போய்விடும்.

24 மணி நேர வால்யூமைப் பார்த்துத் தைரியம் கொள்வதும் தவறு. அது நடந்து முடிந்த கணக்கு. ஒரே ஆள் தனக்குத்தானே விற்று வாங்கியும் அதை ஊதிக் காட்டலாம். பார்க்க வேண்டியது நடுவிலையிலிருந்து 2 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை. CoinGecko, CoinMarketCap இரண்டிலும் ஒரு காயினின் சந்தைப் பட்டியலில் `+2% Depth`, `-2% Depth` என்று இது வரும். நம் கணக்கில் நடுவிலை, அதாவது 0.99-க்கும் 1.00-க்கும் நடுவில், 0.995. மேலே 1.0149 வரை 703 டாலர் சரக்கு இருக்கிறது, கீழே 0.9751 வரை 346.50 டாலர்தான். இந்தச் சந்தையில் 2,000 டாலரோடு இறங்கினால் ஆழத்தை நீங்களே காலி செய்துவிடுவீர்கள்.

ஆர்டர் புக்கைப் படமாகக் காட்டும் டெப்த் சார்ட்டின் மலை வடிவமும் கண்ணைக் கட்டும். அது கூட்டிக்கொண்டே போகும் கோடு, 0.50-ல் கிடக்கும் பெரிய ஆர்டரும் மலையை உயர்த்திக் காட்டும், ஆனால் இன்றைய விற்பனைக்கு அது உதவாது. விலைக்கு அருகே நிற்கும் பெரிய ‘சுவர்’ நிஜமாகவும் இருக்கலாம், விலை நெருங்கியதும் மறைந்துவிடும் மிரட்டலாகவும் இருக்கலாம். சில நிமிடம் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

சரி, வாங்கியே ஆக வேண்டுமென்றால் ‘இதற்கு மேல் விலை கொடுக்காதே’ என்று 1.01-க்கு லிமிட் ஆர்டர் போடுங்கள். 700 காயின் கிடைக்கும், மீதி 1,300 வரிசையில் நிற்கும். அப்புறம் புக்கைக் கவனியுங்கள். 1.01-ஐ ஒட்டிச் சில நொடிகளில் புதுச் சரக்கு வந்தால் யாரோ உயிரோடு விலை வைக்கிறார்கள். அரை மணி நேரம் ஓட்டை அப்படியே கிடந்தால், மீதி ஆர்டரை ரத்து செய்துவிடுவது மேல்.

விலை நாம் குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் காப்பாற்றும் என்பதையும் இங்கே நம்ப முடியாது. தொட்டதும் அது மார்க்கெட் ஆர்டராக மாறி, இதே மெல்லிய படிகளில்தான் உருளும். 2017 ஜூன் 21 அன்று ஜிடாக்ஸ் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெரிய விற்பனை ஆர்டர் ஈத்தரை 317 டாலரிலிருந்து 224-க்கு இறக்கியது. அது ஸ்டாப் ஆர்டர்களையும், கடனில் வாங்கியவர்களின் சரக்கைக் கட்டாயமாக விற்கும் மார்ஜின் லிக்விடேஷன்களையும் வரிசையாகத் தட்டிவிட, ஒரு கட்டத்தில் விலை 10 சென்ட் வரை போனது. பெரிய காயினான ஈத்தருக்கே அந்தக் கதி. ‘இந்த விலைக்குக் கீழே விற்காதே’ என்று எல்லை வைக்கும் ஸ்டாப் லிமிட் போட்டால் அடிமாட்டு விலைக்குப் போகாது. ஆனால் விலை அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் விற்காமலே நிற்கும். அதனால் எவ்வளவு வாங்கலாம் என்பதை `-2% Depth` எண்ணை வைத்து முடிவு செய்வதே என் வழக்கம்: அதில் பாதிக்கு மேல் போவதில்லை.