மோனோபிளாக் பம்பில் கசியும் மெக்கானிக்கல் சீல்: மோட்டார் பக்கம் கெடாமல் மாற்றும் முறை

கும்பகோணத்துக்குக் கிழக்கே, எங்கள் கொல்லையில் பில்டர் பாயிண்டுடன் ஓடும் 1 எச்.பி. மோனோபிளாக் பம்புக்குச் சீல் மாற்றிய முறையை இங்கே எழுதுகிறேன். கயிறு திணிக்கும் கிளாண்ட் வகைப் பம்புகளுக்கு இது பொருந்தாது.

முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பைத் துடைத்து உலரவிட்டு ஓட்டும்போது, கேசிங் போல்ட்டுகளின் ஓரமாக நீர் அரும்பினால் அது கேஸ்கெட் கோளாறு. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே பிராக்கெட்டில் உள்ள திறப்பு வழியாகச் சொட்டினால் அது சீல். அந்தத் திறப்பினுள் டார்ச் அடித்துப் பார்த்தால், தண்டின் மேல் ஒரு சிறு ரப்பர் வளையம் தெரியும். சீலைத் தாண்டி வரும் நீரை வெளியே தெறித்துவிட்டு, அதற்கு அடுத்திருக்கும் பேரிங்கைக் காப்பது அதுதான். வளையத்துக்குப் பின்னால் துருக்கறை இருந்தாலோ, விசிறியைக் கையால் சுற்றும்போது கரகரவென்று கேட்டாலோ பேரிங்குக்குள் நீர் போய்விட்டது என்று பொருள்; அப்போது சீலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

மின் இணைப்பைத் துண்டித்து, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தபின், கேசிங்கைக் குழாய்களோடு அப்படியே விட்டுவிட்டு, மோட்டாரின் கால் போல்ட்டுகளையும் கேசிங் போல்ட்டுகளையும் கழற்றி மோட்டாரைப் பின்னுக்கு இழுத்தால் இம்பெல்லர் தண்டோடு வெளியே வந்துவிடும். மோட்டாரின் எடை இம்பெல்லரின் மேல் சாயாதபடி அடியில் மரக்கட்டை கொடுங்கள்.

இனி வருவதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்த படி. மோட்டார் பக்கம் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். துருவேறி ஒட்டிக்கொண்ட இம்பெல்லரை எடுக்க, பிராக்கெட்டில் இரண்டு ஸ்குரூடிரைவர்களை ஊன்றி நெம்புவதுதான் வழக்கம். அப்படி நெம்பும்போது பிராக்கெட் பின்னுக்கும் தண்டு முன்னுக்கும் தள்ளப்படுகின்றன; இவ்விரண்டையும் பிடித்து வைத்திருப்பது பேரிங் என்பதால் முழு விசையும் அதன் குண்டுகளின் வழியே பாய்கிறது. தண்டின் முனையில் சுத்தியால் அடித்தாலும் அதே கதைதான்: குண்டுகள் ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்து, சில வாரங்களில் மோட்டார் இரையத் தொடங்கும். இரண்டு கால் புல்லரோ, திருகு தண்டைத் தள்ளும் அளவுக்கே கால்களால் இம்பெல்லரை இழுக்கிறது. விசை அவ்விரண்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடுவதால் பேரிங்குக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. ஒரு சிறிய புல்லரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. கிடைக்காவிட்டால் பட்டறையில் இரவல் கேளுங்கள், நெம்பாதீர்கள்.

இம்பெல்லரைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றும்போது தண்டு சுழலாமல் இருக்க, பிளாஸ்டிக் விசிறியைப் பிடிக்காமல், விசிறி மூடியைக் கழற்றிப் பின்முனையில் உள்ள வெட்டில் பெரிய ஸ்குரூடிரைவரைப் பொருத்திப் பிடியுங்கள். நட்டு இல்லாமல் இம்பெல்லரே தண்டில் மரையாகத் திருகியிருக்கும் பம்பு என்றால், ஓடும்போது அது இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள்; எனவே தண்டைப் பிடித்துக்கொண்டு, பம்பின் மேல் உள்ள அம்புக்குறி காட்டும் திசையிலேயே இம்பெல்லரைத் திருப்பினால் கழலும். நட்டை எடுத்தபின் புல்லரின் கால்களை இம்பெல்லரின் பின்தட்டில், நடுப்பகுதிக்கு இயன்ற அளவு அருகே மாட்டுங்கள். ஓரத்தில் மாட்டினால் தட்டு உடையும். துரு நீக்கும் எண்ணெயை விடும்போது மோட்டாரைப் படுக்கையாகவே வைத்திருங்கள். இம்பெல்லர் மேலே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் தண்டு வழியாக இறங்கிப் பேரிங்கின் கிரீஸைக் கரைத்துவிடும்.

இம்பெல்லர் வந்ததும் ஸ்பிரிங், ரப்பர் பெல்லோஸ், கார்பன் வளையம் ஆகியவை ஒன்றாக வெளியே வரும். அவை எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பது பிராக்கெட்டின் குழியில் ரப்பர் உறையோடு பதிந்திருக்கும் செராமிக் வளையம். அதை உடைத்து எடுத்தால் சில்லுகள் பேரிங் பக்கம் போகும். பிராக்கெட் திறப்பின் வழியே ஒரு துணியைத் தண்டைச் சுற்றி அடைத்துவிட்டு, அதே திறப்பின் வழியே வளைந்த கம்பியை விட்டு, பின்னாலிருந்து இருபுறமும் மாறி மாறி மெதுவாகத் தள்ளினால் முழுதாக வந்துவிடும்.

தண்டில் பெல்லோஸ் உட்கார்ந்த இடத்தில் கறை இருந்தால் 400 எண் எமரித் தாளைத் தண்டைச் சுற்றிய வாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் விழும் கீறல் நீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். துணியை அதுவரை எடுக்காதீர்கள், எமரித் தூள் பேரிங்குக்கு எமன். பிறகு தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, பழைய சீலையும் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எங்கள் தண்டு 16 மி.மீ.; கடையில் முதலில் எடுத்துத் தந்தது 5/8 அங்குல சீல், அதாவது 15.875 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 16 மி.மீ. தண்டில் 5/8 சீல் அளவுக்கு மீறி இறுகித் தேவையான இடத்துக்கு நகராது. 5/8 தண்டில் 16 மி.மீ. சீல் தளர்ந்து கசியும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்போது உள்ள நீளமும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்தும்போது ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். கிரீஸ், என்ஜின் ஆயில் இரண்டும் வேண்டாம். சில ரப்பர்கள் எண்ணெயில் ஊதிவிடும். செராமிக்கின் பளபளப்பான முகம் கார்பனைப் பார்க்க வேண்டும், அந்த முகத்தில் விரல் படக்கூடாது. அதன் மேல் சுத்தமான துணியை வைத்து, முனை நேராக வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டால், சுத்தி இல்லாமல் உள்ளங்கையால் அழுத்துங்கள். சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். தண்டின் சாவிப்பள்ளத்து விளிம்பு பெல்லோஸின் உட்புறத்தைக் கிழிக்கும் என்பதால், அங்கே மெல்லிய டேப்பைச் சுற்றி, பெல்லோஸை அதன்மேல் கடத்தியபின் உரித்துவிடுங்கள். பிறகு இம்பெல்லரை ஏற்றி நட்டை இறுக்கி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறு பிடிப்போடும் ஒரே சீராகவும் சுழன்றால் சரி.

பின்சேர்க்கை: புதுச் சீல் போட்டும் கசிகிறது என்று மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்ததில், பெல்லோஸைத் தண்டில் ஏற்றிவிட்டு, நட்டு வாங்கக் கடைக்குப் போய் வந்து இம்பெல்லரைப் பூட்டியிருக்கிறார். சோப்புத் தண்ணீர் காய்ந்ததும் ரப்பர் தண்டைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் அது நகராததால் கார்பன் செராமிக்கோடு சரியாக அணையாது. பெல்லோஸ் ஏறியது முதல் நட்டு இறுகும்வரை நிறுத்தாமல் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள்.

இன்னொருவருக்கு ஒரே கோடையில் செராமிக் மீண்டும் விரிசல் விட்டிருந்தது. பில்டர் பாயிண்டின் வால்வு நீரைப் பிடிக்காததால் பம்பு காலியாக ஓடிச் சூடேறியிருக்கிறது. அந்தச் சூட்டோடு அவர் குளிர்ந்த நீரை ஊற்றியிருக்கிறார். காலியாக ஓடிவிட்டது என்று தெரிந்தால் உடனே நிறுத்தி, கேசிங் கைக்குக் குளிர்ந்து தட்டுப்படும் வரை காத்திருந்த பிறகே தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். வால்வையும் அன்றே சரிபாருங்கள். புதுச் சீல் முதன்முறை ஓடும்போது சில சொட்டுகள் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. கால் மணி நேரத்துக்குப் பிறகும் சொட்டினால் நிறுத்திவிட்டு மீண்டும் கழற்றி, செராமிக் சாய்ந்து பதிந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.