நெஞ்சுப் பட்டி 139, வோச் 164: ஒரே ஓட்டம், இரண்டு அளவுகள், எதை நம்புவது?

ஓடும்போது இதயத் துடிப்பை அளப்பதில் நெஞ்சுப் பட்டி எப்போதும் சரி, வோச் எப்போதும் பிழை என்று முடிவு கட்டிவிட்டால் ஒப்பிடவே தேவையில்லை. உண்மை அவ்வளவு நேரானதல்ல. இரண்டும் பிழை விடும். ஆனால் வேறு வேறு இடங்களில், வேறு வேறு காரணங்களால். ஆகவே எந்தக் கருவியை நம்புவது என்று கேட்பதைவிட, எந்த நிமிடத்தில் எதை நம்புவது என்று கேட்பதுதான் பயன் தரும்.

பட்டி, இதயம் சுருங்கும்போது எழும் மின் துடிப்பைத் தோலில் இருந்து பிடிக்கிறது. அதற்குத் தோலும் பட்டியின் மின்வாய்களும் ஈரமாக ஒட்டியிருக்க வேண்டும். வோச் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை வைத்து இரத்த ஓட்டத்தின் துடிப்பைக் கணிக்கிறது. அதற்குக் கை ஆடாமல் இருப்பது நல்லது. ஓடும்போது அது நடக்காது. பின்னால் வரும் பிழைகள் எல்லாமே இந்த இரண்டு வரிகளில் இருந்துதான் பிறக்கின்றன.

1. முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பட்டியை வோச்சுடன் இணைத்திருந்தால், வோச் தன் சொந்தச் சென்சரை ஒதுக்கிவிட்டுப் பட்டியின் எண்ணையே பதியும். பிறகு இரண்டு கோடுகளும் அச்சு அசலாகப் பொருந்துவதைப் பார்த்து 'வோச் பிரமாதம்' என்று மகிழ்ந்துகொள்ள வேண்டியதுதான்.

வோச்சின் சென்சர் பட்டியலில் இருந்து பட்டியை நீக்குங்கள். பட்டியைப் போனில் உள்ள அதன் செயலியுடன் மட்டும் இணையுங்கள். பிரிந்ததா என்று உறுதி செய்ய, பட்டியைக் கட்டியபடியே வோச்சைக் கழற்றி மேசையில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். உங்கள் துடிப்பு அதில் இன்னும் சரியாக ஓடிக்கொண்டிருந்தால் அது பட்டியின் எண், இணைப்பு போகவில்லை.

வோச்சின் பதிவு முறையையும் பாருங்கள். சில வோச்சுகள் இடம் மிச்சம் பிடிக்க, மாற்றம் தெரியும்போது மட்டுமே ஒரு புள்ளியைப் பதியும். Garmin-இல் `Data Recording` என்ற அமைப்பு `Smart` என்று இருந்தால் `Every Second` என்று மாற்றுங்கள்.

2. அணிவது

பட்டியின் மின்வாய்களைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக நனைத்து, மார்புக்குச் சற்றுக் கீழே, ஆழமாக மூச்சு இழுத்தாலும் நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். வோச்சை மணிக்கட்டு எலும்பின் மேல் போடாமல், அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். கையை உதறினால் அசையக் கூடாது, ஆனால் கை மரத்துப் போகவும் கூடாது. ஓடத் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே இரண்டையும் அணிந்துவிடுங்கள்.

3. பிழையை வெளியே இழுக்கும் ஓட்டம்

ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு கருவிகளும் நல்ல பிள்ளைகளாக இருந்துவிடக்கூடும். அவற்றைத் தடுமாற வைக்க வேண்டும். இந்த 32 நிமிடம் அதற்குப் போதும்:

- 0–2: அசையாமல் நிற்பது
- 2–7: நடை
- 7–17: பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். இதில் 14ஆவது நிமிடம் முடிந்ததும் ஒரு நிமிடத்துக்கு, வேகத்தைக் கூட்டாமல், காலடிகளை மட்டும் குட்டையாக்கி அடிக்கடி வையுங்கள்
- 17–29: ஒரு நிமிடம் கடுமையான ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, நான்கு முறை
- 29–32: மீண்டும் அசையாமல் நிற்பது

இடத்தைப் பொறுத்தவரை, கொழும்பு சுதந்திர சதுக்கத்தின் நடைபாதை இதற்கு நல்லது. தட்டையானது, இடையில் வீதியைக் கடக்கத் தேவையில்லை. வெள்ளவத்தை மரைன் டிரைவில் வாகனத்துக்காக நிற்க நேரும், கணக்குக் குழம்பும். காலி முகத்திடலின் கடற்காற்று வேறு ஒரு தொல்லை. தொளதொளத்த பொலியெஸ்டர் டீ-சேர்ட் காற்றில் படபடத்துப் பட்டியின் மேல் உரசினால், அந்த உராய்வில் பிறக்கும் நிலைமின்னைப் பட்டி துடிப்பு என்று எண்ணிவிடும். அங்கேதான் ஓட வேண்டுமென்றால் உடலோடு ஒட்டிய சேர்ட் போடுங்கள்.

இரண்டு பதிவுகளையும் ஒரே நொடியில் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் நிற்கும்போது கழுத்திலோ மணிக்கட்டிலோ விரலை வைத்து 30 நொடி நாடியை எண்ணி, 2 ஆல் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தின் நடுவே எண்ணிப் பயனில்லை. நின்றவுடன் துடிப்பு மளமளவென்று இறங்கும்; எண்ணி முடிப்பதற்குள் அது வேறு எண்ணாகிவிடும்.

4. ஒரே தாளில் இரண்டு கோடுகள்

இரு பதிவுகளையும் FIT அல்லது TCX கோப்பாக எடுங்கள். Garmin Connect தரும் CSV சுற்றுக்களின் சுருக்கம் மட்டுமே, நொடிக்கு நொடி விவரம் அதில் இராது. GoldenCheetah என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைத் திறந்து, நொடிவாரியான CSV ஆக வெளியே எடுக்கலாம். பிறகு ஒரு விரிதாளில் A நிரலில் நொடி, B-யில் பட்டி, C-யில் வோச், E-யில் நிமிடத்துக்கான காலடி எண்ணிக்கை. காலடி 80 சொச்சமாக இருந்தால் அது ஒரு காலின் கணக்கு. 2 ஆல் பெருக்குங்கள். இதை மறந்தால் அடுத்த படியில் பிடிக்க வேண்டிய முக்கியமான பிழை கண்ணில் படாமல் போகும்.

D நிரலில் வித்தியாசம்:

```
=IF(OR(B2="",C2=""),"",ABS(B2-C2))
```

அதைக் கடைசி வரி வரை இழுத்துவிட்டு, எத்தனை பங்கு நேரம் இரண்டும் 5 துடிப்புக்குள் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள்:

```
=COUNTIF(D2:D1921,"<=5")/COUNT(D2:D1921)
```

ஒரு எச்சரிக்கை. கோடுகள் அழகாகப் பொருந்த வேண்டும் என்று வோச்சின் கோட்டை இடப்பக்கம் நகர்த்தாதீர்கள். வோச் பிந்தி வருவதே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய பிழைகளில் ஒன்று. கடிகார நேரத்தை வைத்து மட்டும் பொருத்துங்கள்.

சராசரியையும் நம்பிவிடாதீர்கள். கடும் ஓட்டத்தில் வோச் 19 குறைத்துக் காட்டி, அடுத்த நடையில் 11 கூட்டிக் காட்டினால், கூட்டிக் கழித்துச் சராசரி கிட்டத்தட்டச் சமமாகிவிடும். செயலியின் முதல் பக்கத்தில் '148, 147' என்று பார்த்து நிம்மதி அடைபவர்கள் பலர்.

5. தீர்ப்பு: பகுதி பகுதியாக

இப்படி ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்வோம்:

| நேரம் | பட்டி | வோச் | காலடி |
|---|---|---|---|
| 01:30 | 88 | 87 | 0 |
| 03:00 | 201 | 98 | 112 |
| 09:00 | 139 | 164 | 164 |
| 14:40 | 144 | 171 | 172 |
| 16:00 | 145 | 144 | 165 |
| 17:50 | 168 | 149 | 176 |
| 18:20 | 152 | 163 | 110 |

01:30இல் விரலால் எண்ணியதும் 88 என்றால் இரு கருவிகளும் அடிப்படையில் சரி. பிழைகள் ஓட்டத்தில்தான் பிறக்கின்றன என்று தெரிந்துகொள்கிறோம்.

03:00இல் பட்டி 201. சாதாரணமாக நடக்கிறீர்கள், அதற்கு முந்தைய நொடிகளைப் பார்த்தால் 96இல் இருந்து இரண்டே நொடியில் பாய்ந்திருக்கிறது. நடைக்கு ஏறும் துடிப்பு படிப்படியாக ஏறும், இப்படிக் குதிக்காது. இங்கே வோச்சை நம்புங்கள். மின்வாய் இன்னும் சரியாக ஈரமாகவில்லை. கொழும்புப் புழுக்கத்தில் சில நிமிடங்களில் வேர்வையே இதைச் சரிசெய்துவிடும். ஏசி போட்ட ஜிம்மில் அப்படி நடக்காது. அங்கே இந்தக் குளறுபடி நீண்டு போனால் பட்டியைக் கழற்றி மறுபடி நனைப்பதே வழி.

09:00தான் பலரை ஏமாற்றும் இடம். வோச் 164, காலடியும் 164. கை வீச்சு காலடியின் தாளத்தில் ஆடுகிறது. அந்த ஆட்டம் இரத்தத் துடிப்பின் சமிக்ஞையைவிட வலுவாக இருந்தால், வோச் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். கோடு பார்க்க நேராக, நம்பத்தக்கதாக இருக்கும்; அதுதான் ஆபத்து. தற்செயலாகவும் இரண்டும் சமமாகலாம் என்பதால்தான் குட்டைக் காலடி நிமிடம். 14:40இல் காலடி 172 ஆனதும் வோச்சும் 171க்குத் தாவியது, பட்டி 144இல் நின்றது. வேகம் கூடவில்லை, மூச்சும் வாங்கவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது: 7இல் இருந்து 15 வரை பட்டியை நம்புங்கள். 16:00இல் வோச் தானாகவே பிடியை விட்டு இதயத்துக்குத் திரும்பிவிட்டது. அதிலிருந்து மறுபடி நம்பலாம்.

17:50, 18:20 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏறும்போது வோச் கீழே, இறங்கும்போது மேலே. காலடியோடும் ஒட்டவில்லை. இது வெறும் தாமதம்: ஆட்டத்தை வடிகட்ட வோச் பல நொடிகளின் தரவைச் சேர்த்துக் கணிப்பதால் பின்தங்குகிறது. இடைவேளைப் பயிற்சியில் உச்சத் துடிப்பையும், எந்தத் துடிப்பு மண்டலத்தில் எத்தனை நிமிடம் என்பதையும் பட்டியில் இருந்து மட்டுமே எடுங்கள்.

இரண்டும் விலகி நிற்க, இந்தச் சோதனைகளில் எதுவுமே பிடி கொடுக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைக் கணக்கில் இருந்து நீக்கிவிடுங்கள். நடுவில் ஒரு எண்ணை ஊகித்துப் போடுவது இரண்டு பிழைகளின் சராசரிதான். ஆனால் திடீர்ப் பாய்ச்சலோடு நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல், நெஞ்சுவலி ஏதும் இருந்தால் அதைக் கருவிப் பிழை என்று தள்ளாமல் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

6. பட்டியே மறுபடி மறுபடி தவறினால்

ஈரமான பிறகும், ஓட்டத்தின் நடுவில் கோடு அறுந்தாலோ பாய்ந்தாலோ முதலில் மின்கலத்தை மாற்றுங்கள்; பலவற்றில் CR2032, சிலவற்றில் CR2025, பின்மூடியில் எழுதியிருக்கும். அதன் பின்னும் தொடர்ந்தால் குறை பெரும்பாலும் துணிப்பட்டியில்தான், மேலே பொருத்தும் சென்சரில் அல்ல. வேர்வை உப்பு படிந்து பொத்தான்கள் கறுத்திருக்கும், துணி இழுவை விட்டிருக்கும். பட்டியை மட்டும் தனியாக வாங்கக் கிடைத்தால் முழுக் கருவியையும் மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் சென்சரைப் பட்டியில் இருந்து கழற்றி, பட்டியைத் தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். கழற்றாமல் ஈரத்தோடு பையில் போட்டால், இன்னும் யாரோ அணிந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சென்சர் விழித்தே இருந்து மின்கலத்தைத் தின்றுவிடும்.