"ரெடியாகிடும்" என்று அனுப்புவதை நிறுத்தினேன்

பிளவுஸ் தைக்கிறேன். முகூர்த்த மாதங்களில் வந்த மனஸ்தாபமெல்லாம் ஒரே மெசேஜால்தான்: "வியாழக்கிழமை ரெடியாகிடும் அக்கா." ஆரி வேலைக்குத் துணி வெளியே போகிறது. அது திரும்பி வந்தால்தான் நான் வெட்டவே முடியும். அங்கே தாமதமானால், வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். அது எனக்கு நிஜமாகவே வலித்தது.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு இப்படி மாற்றி அனுப்பினேன்:

"அக்கா, ட்ரயல் வியாழன் மாலை 5 மணி. ஆரி வேலை இன்னும் முடியவில்லை. செவ்வாய் காலை 11 மணிக்குள் துணி வராவிட்டால் உடனே சொல்கிறேன். அப்போது ட்ரயல் சனி காலை 10 மணி. முகூர்த்தம் அடுத்த வியாழன் என்பதால் திருத்த நாள் இருக்கிறது. தங்கச்சி அன்றைக்குப் போடும் உள்ளாடையையே போட்டு வரட்டும்."

செவ்வாய் துணி வரவில்லை. 11.10க்குச் சொல்லிவிட்டேன். "சரிம்மா, சனிக்கிழமையே வர்றோம்" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை போட்டுப் பார்த்தால் அக்குளில் இறுக்கம். பக்கத் தையலில் ஒரு அங்குலம் விட்டிருந்தேன். பிரித்துத் தைத்து, திங்கள் மாலை கொடுத்தேன்.