லென்ஸ் ப்ரொஃபைல் போட்டதும் மூலை மழுங்குது, நான் சரி பண்ண விதம்

16 எம்எம்ல எடுத்த ஒரு பில்டிங் போட்டோ, ஓரத்துல இருந்த தூண் வெளிப்பக்கமா வளைஞ்சு இருந்துச்சு, நாலு மூலையும் இருட்டு. லைட்ரூம்ல Enable Profile Corrections டிக் பண்ணதும் கோடெல்லாம் நேராயிடுச்சு, ஆனா 100% ஜூம்ல மூலையில இருந்த செங்கல் எல்லாம் கொழகொழன்னு ஆயிடுச்சு.

காரணம் ரெண்டு. பேரல் வளைவை நிமிர்த்தணும்னா மூலையை வெளிய இழுக்கணும், இல்லாத பிக்சலை சாஃப்ட்வேர் பக்கத்துல இருக்கறத வச்சு நிரப்பும். மூலையில 5% நகர்த்தினா, நடுவுலேருந்து மூலைக்குப் போற திசையில விவரம் கிட்டத்தட்ட 15% இழுபடுது, அதனாலதான் பாக்கற அளவைவிட அதிகமா மழுங்குது. ரெண்டாவது, இருட்டை ரெண்டு ஸ்டாப் தூக்கினா ஐஎஸ்ஓ 800ல எடுத்த படத்தோட மூலை 3200 மாதிரி நாய்ஸ் காட்டும், அதை நாய்ஸ் ரிடக்‌ஷன் தேய்க்கறப்போ மிச்ச விவரமும் போயிடும்.

அதனால Distortion ஸ்லைடரை 100லேருந்து 60க்கு இறக்கினேன், தூண் கண்ணுக்கு நேராத்தான் தெரிஞ்சுது. Vignetting 50. அப்புறம் மூலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு நாய்ஸ் ரிடக்‌ஷனை குறைச்சு ஷார்ப்னெஸ் கொஞ்சம் ஏத்தினேன், ரொம்ப ஏத்தினா நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகி மணல் மாதிரி ஆகிடும்.

எடுக்கறப்பவே f/8 வச்சா மூலை இருட்டு குறையும், வளைவு குறையாது. ஆனா லென்ஸ்லயே மூலை சாஃப்ட்னா எந்த ஸ்லைடரும் திருப்பிக் கொண்டுவராது. கரெக்‌ஷனை ஆஃப் பண்ணிப் பாருங்க, அப்பவும் மழுங்கலா இருந்தா அது லென்ஸோடதுதான்.