மொழிபெயர்ப்பை எந்தக் கோப்பாகக் கொடுப்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்கள் வேலையை முடித்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வேர்டா, பிடிஎஃப்பா?" பிடிஎஃப் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப் வேறு. பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்பதற்கான, தலைப்பு, பட்டியல், அட்டவணை எல்லாம் டேக் போட்டு அடையாளமிடப்பட்ட பிடிஎஃப் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் வரும் ஒரு தவறை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னமும் எரிச்சல் வருகிறது.

அச்சுக் கோப்பையே இணையத்துக்கும் கொடுப்பது

சர்க்கரை நோயாளிகளுக்கான கையேடு ஒன்று. மொழிபெயர்ப்பாளர் யூனிகோடில், வேர்ட் கோப்பாக ஒழுங்காகத்தான் கொடுத்தார். டிடிபி செய்தவர் பழைய பேஜ்மேக்கரில் வேலை செய்பவர். அதில் யூனிகோடு தமிழ் சரியாக வராது என்பதால் பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் அமைத்தார். புத்தகம் அழகாக வந்தது. அந்த பிடிஎஃப்பையே நிறுவனம் இணையதளத்திலும் ஏற்றியது. திரைவாசிப்பானில் திறந்த வாசகருக்குக் கேட்டது வெறும் ஆங்கில எழுத்துகள்.

காரணம் எளிது. பாமினியில் தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரியும் சொல் கோப்புக்குள் `jkpo;` என்றுதான் இருக்கும். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அந்த நிறுவனத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அந்த பிடிஎஃப்புக்கே ஒவ்வொரு தலைப்பாக டேக் போட்டுச் சரிசெய்யப் பார்த்தார். உழைப்பு அத்தனையும் வீண். உள்ளே இருக்கும் எழுத்தே தமிழ் இல்லை என்றால், அதன்மேல் எத்தனை டேக் போட்டும் பயனில்லை.

சரி, வேர்ட் கோப்பிலிருந்து புதிதாக எடுத்துவிடலாம் என்றால், அங்கே இன்னொரு சிக்கல். புரூஃபில் வந்த திருத்தங்களை எல்லாம் அச்சகத்தில் பேஜ்மேக்கர் கோப்பிலேயே போட்டுவிட்டார்கள். ஒரு மாத்திரையைச் "சாப்பாட்டுக்குப் பின்" என்று அச்சுப் புத்தகம் சரியாகச் சொன்னது. வேர்ட் கோப்போ இன்னும் "சாப்பாட்டுக்கு முன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. புத்தகத்தையும் வேர்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்புக்கான கூலியைவிட இந்த ஒப்பீட்டுக்கு அதிகம் செலவானது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். `jkpo;` போல வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் எழுத்துகளைக் கோடுகளாக (கர்வ்ஸ்) மாற்றியிருக்கிறார்கள், அல்லது பக்கமே படம். "பொருள்" என்பது "ெபாருள்" என்று கொம்பு முன்னால் வந்து விழுந்தால், எழுத்து யூனிகோடுதான், வரிசை மட்டும் குலைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கோப்பில் Ctrl+F போட்டுத் தேடினாலும் அந்தச் சொல் பெரும்பாலும் சிக்காது.

ஆகவே யூனிகோடு வேர்ட் கோப்புதான் மூலம். திருத்தம் எங்கிருந்து வந்தாலும் முதலில் அதில் ஏற வேண்டும், பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும். டேக் உள்ள பிடிஎஃப்பை அந்த வேர்டிலிருந்து நேராக எடுங்கள். அச்சுக் கோப்பு தனிக் கிளை. அதிலிருந்து வேறு எதையும் எடுக்காதீர்கள்.

பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்குவது

Microsoft Print to PDF வழியாகப் போனால் டேக் எதுவும் வராது. Save As-இல் PDF-ஐத் தேர்ந்து, Options-க்குள் "Document structure tags for accessibility" என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்பே தலைப்புகளுக்கு Heading ஸ்டைல் கொடுத்திருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்துவிட்டால் கண்ணுக்குத் தலைப்பு, கருவிக்கு அது இன்னொரு பத்திதான். உரையின் மொழியைத் தமிழ் என்று குறிப்பதையும், படங்களுக்கு மாற்று உரை எழுதுவதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். அக்ரோபாட் ரீடரில் Properties திறந்தால் "Tagged PDF: Yes" என்று இருக்க வேண்டும். டேக் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, டேக் சரியானது என்பதற்கு அல்ல. திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுத்துரு இல்லாத வேர்ட்

உங்களிடம் இருக்கும் எழுத்துரு வாடிக்கையாளரிடம் இல்லை என்றால் வரி மாறும், பக்கம் நகரும், "பக்கம் 14 பார்க்க" என்பது பொய்யாகும். வேர்டில் File > Options > Save-க்குப் போய் "Embed fonts in the file" போடுங்கள்.

சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்பை வேர்டில் தருவது

தராதீர்கள்.

அச்சகத்தைக் கேட்காமல் அச்சுக் கோப்பு

பக்க அளவு, ஓரம் வெட்ட விடும் ப்ளீட், நிறமுறை, எந்த வகை பிடிஎஃப் என்பதையெல்லாம் அச்சகம்தான் சொல்ல வேண்டும். இன்டிசைனில் அமைப்பவராக இருந்தால் World-Ready Paragraph Composer போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அருகில் புள்ளிவட்டம் முளைக்கும். கடைசியில் கர்வ்ஸ் ஆக்கித்தான் வேண்டும் என்று அச்சகம் சொன்னால் கொடுங்கள். ஆனால் கர்வ்ஸ் ஆக்குவதற்கு முந்தைய கோப்பை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். மறுபதிப்பில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்றுவதற்கும் அந்தக் கோப்புதான் தேவைப்படும்.