கோடிங் வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை கோடிங் வகுப்பு நோட்டீஸ்கள் முளைத்துவிடும். காந்தி நகரில் நாங்களும் ஒரு வகுப்பு நடத்துகிறோம். எனவே இதுவும் ஒருவகையில் விளம்பரம்தான். எங்களிடம் வந்தாலும் வேறு இடத்துக்குப் போனாலும், பணம் கட்டும் முன் கீழே உள்ளதைக் கவனியுங்கள்.

"சார், பையன் மூணாவது படிக்கிறான். நேரா பைத்தானே சொல்லிக் குடுத்துடுங்க." அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பைத்தான் என்ற கணினி மொழியில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கீபோர்டில் எழுத்தைத் தேடவே நேரம் போய்விடும். ஒரு இடத்தில் முக்காற்புள்ளி விட்டுப்போனால் `SyntaxError: expected ':'` என்று திரையில் வரும். அது என்ன கேட்கிறது என்று அவனுக்கு விளங்காது. யோசிக்க வந்தவன் டைப்பிங்கில் மாட்டிக்கொள்வான், இரண்டாவது வாரம் வயிற்றுவலி என்பான்.

அதனால் 8 முதல் 11 வயது வரை ஸ்கிராட்ச் மட்டும்தான் எடுக்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கட்டளைகள் வண்ணக் கட்டங்களாக இருக்கும், இழுத்து ஒட்டினால் போதும், எழுத்துப்பிழைக்கு இடமில்லை. 6, 7 வயதுப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் ஸ்கிராட்ச் ஜூனியர். அதில் படிக்கத் தெரியாத பிள்ளைகூட அம்புக்குறிகளை வைத்துக் கதை செய்யலாம். ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான் கிடைக்கும். கோட்டை அகழியில் படகு விடும் கதைக்கு அதுவே தாராளம்.

இதைவிடப் பெரிய தவறு, முடிந்த கேமைப் பார்த்து மயங்குவது. கடைசி நாளில் பிள்ளை ஒரு கேமைக் காட்டும், சான்றிதழும் வரும். ஆசிரியர் சொல்லச் சொல்ல அப்படியே ஒட்டியதா, பிள்ளை யோசித்துச் செய்ததா என்பது வெளியே தெரியாது. எங்கள் ஸ்கிராட்ச் பிள்ளைகள் செய்யும் கேமையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் விழும், கூடையில் பிடிக்க வேண்டும். காய்க்கு உரிய கட்டளைகள் சுருக்கமாக:

```
when green flag clicked
set score to 0
forever
  change y by -5
  if touching basket? then
    change score by 1
    go to x: (pick random -200 to 200) y: 170
  if y position < -170 then
    go to x: (pick random -200 to 200) y: 170
```

பிள்ளைகள் முதல் தடவை செய்யும்போது, மதிப்பெண்ணுக்கு அடுத்துள்ள `go to` பெரும்பாலும் இருக்காது. ஒரு காயைப் பிடித்தால் பத்துக்கு மேல் மதிப்பெண் ஏறிவிடும். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு மிஸ்" என்பார்கள். காய் கூடையைத் தாண்டி இறங்கும் வரை `forever` திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் "தொடுகிறதா?" என்ற கேள்விக்கு ஆம் என்றே பதில் வருகிறது, ஒவ்வொரு ஆமுக்கும் ஒரு மதிப்பெண். தொட்ட உடனே காயை மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். ஆசிரியர் இந்த விடையைச் சொல்லிவிட்டால் வகுப்பு அரைமணியில் முடியும். நாங்கள் சொல்வதில்லை. வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, மதிப்பெண் எப்போது ஏறுகிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்கிறோம். சில பிள்ளைகளுக்கு முழு வகுப்பும் இதிலேயே போகும். போகட்டும்.

வீட்டிலேயே நீங்களும் சோதிக்கலாம், கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "காய் இன்னும் வேகமா விழணும், மாத்திக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள். புரிந்து செய்த பிள்ளை `-5` இருக்கும் இடத்துக்குப் போகும். `10` என்று போட்டுவிட்டுக் காய் மேலே பறப்பதைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. எதிர்ம எண் நம் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. எங்கே தொட வேண்டும் என்றே தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், அது பிள்ளை செய்த கேம் இல்லை.

வகுப்புக்கென்று புது லேப்டாப் வாங்குவதும் வீண்செலவு. வீட்டில் ஓடுகிற பழையதே ஸ்கிராட்சுக்குப் போதும், ஆப்பை நிறுவிவிட்டால் இன்டர்நெட்டும் தேவையில்லை. செல்போனில் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதில் பிறர் செய்ததைப் பார்க்கலாம், கட்டங்களை ஒட்டி உருவாக்க முடியாது.

12 வயதுக்கு மேல் பைத்தான், தானி என்ற எளிய எடிட்டரில். முதல் வேலை, டர்ட்டில் என்ற வரையும் கருவி கொண்டு திரையில் கோலம் வரைவது. பிறகு வாய்ப்பாடு கேட்டு மதிப்பெண் போடும் வினாடி வினா. ஒரே மாதத்தில் மொபைல் ஆப் செய்வான் என்று யாராவது சொன்னால், அதில் பிள்ளை எழுதும் பகுதி எது என்று கேளுங்கள்.

எந்த வகுப்பானாலும், பிள்ளை செய்த கோப்பை வீட்டுக்குக் கொடுப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிராட்சில் அது `.sb3` என்று முடியும். வீடியோவோ ஸ்கிரீன்ஷாட்டோ கொடுத்தால் அதைத் திறந்து மாற்றிப் பார்க்க முடியாது. எங்களிடம் வருபவர்கள் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தால் போதும், ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் அன்றைய கோப்பை அதில் போட்டு அனுப்புவோம்.