வழக்கு நடக்கிறது: கணக்கில் பதிவதா, குறிப்பில் சொல்வதா?

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக் கம்பனி என்று வைத்துக்கொள்வோம். புழுங்கலுக்கு நெல் ஊறவைக்கும் தொட்டி 2024 ஜனவரியில் உடைந்து, கழிவுநீர் பக்கத்து வட்டைக்குள் பாய்ந்துவிட்டது. பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்ற நேரம். காணிக்காரர் 40 இலட்சம் ரூபா நட்டஈடு கேட்டு கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கம்பனியின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. வழக்கு விளக்கத்துக்கே வரவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான பணிப்பாளர்கள் சொல்வது ஒன்றுதான்: "தீர்ப்பு வரட்டும், அப்ப பார்ப்பம்." முதல் தவறு இதுதான். தீர்ப்பு வரும்வரை எல்லாமே நிகழத்தக்க பொறுப்பு, அதாவது வந்தாலும் வரலாம் என்ற பொறுப்பு மட்டும்தான், அதைக் கணக்குகளோடு இணைக்கும் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37 தீர்ப்புக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. அது மூன்று விடயங்களைத்தான் பார்க்கிறது. ஆண்டு முடிவுக்குள் நடந்த ஒன்றால் இப்போது நமக்கு ஒரு கடப்பாடு இருக்கிறதா? காசு கொடுக்க வேண்டி வரும் வாய்ப்பு, வராமல் போகும் வாய்ப்பைவிடக் கூடவா? எவ்வளவு என்று நம்பத்தகுந்த முறையில் மதிப்பிடலாமா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஏற்பாடு என்று கணக்கிலேயே பதிய வேண்டும். கொடுக்க வேண்டி வரலாம், ஆனால் வராமல் போகத்தான் வாய்ப்புக் கூட என்றால் குறிப்பில் மட்டும் சொன்னால் போதும். வாய்ப்பே மிக அரிது என்றால் குறிப்பும் தேவையில்லை.

நம் ஆலைக்கு 2024 மார்ச்சில் நிலைமை என்ன? தண்ணீர் பாய்ந்தது உண்மை. ஆனால் வேளாண்மை அழிந்தது அதனாலா, முன்பே இருந்த நோயினாலா என்பதில் தகராறு. பரிசோதனை அறிக்கை எதுவும் வரவில்லை. கம்பனியின் சட்டத்தரணி, தோற்கும் வாய்ப்பு 30 சதவீதமளவில் இருக்கும் என்று நினைக்கிறார். அப்படியானால் அந்த ஆண்டுக்குக் குறிப்பு மட்டும்.

அடுத்த தவறு இங்கேதான் வருகிறது. கணக்குப் பார்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் 40 இலட்சத்தை 30 சதவீதத்தால் பெருக்கி 12 இலட்சத்தைப் பதிந்துவிடுவார். பார்க்க விஞ்ஞானபூர்வமாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு வழக்கில் 12 இலட்சம் என்ற முடிவு எங்கிருந்தும் வரப்போவதில்லை. ஒன்று வெல்வோம், இல்லையென்றால் நீதிமன்றம் தீர்மானிக்கும் தொகையைக் கட்டுவோம். இப்படிப் பெருக்கிப் பார்ப்பது ஒரே மாதிரியான கடப்பாடுகள் ஏராளமாக இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். மட்டக்களப்பில் ஒரு கடை, ஓராண்டு உத்தரவாதத்தோடு 500 நீர்ப்பம்பிகளை விற்கிறது. 100க்கு 5 திரும்பி வரும், ஒன்றைத் திருத்த 4,000 ரூபா போகும் என்பது அனுபவம். 25 பம்பிகள், 1 இலட்சம் ரூபா. எந்தப் பம்பி பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அந்த 1 இலட்சத்தை ஏற்பாடாகப் பதியத்தான் வேண்டும். மொத்தத்தில் சில பம்பிகள் திரும்பி வரும் என்பதில் சந்தேகமில்லையே.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இலாபம் கூடிய ஆண்டில், "பாதுகாப்புக்கு" என்று 40 இலட்சத்தையும் அப்படியே பதிந்துவிட்டு, இலாபம் குறைந்த ஆண்டில் அதைத் திருப்பி எடுப்பது. இதை முன்னெச்சரிக்கை என்று சொல்லிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், வங்கி முகாமையாளரை இரண்டு முறை ஏமாற்றுவது. அடுத்த மாரியில் வெள்ளம் வரலாம், 1978 நவம்பரில் வந்ததுபோல இன்னொரு சூறாவளி அடிக்கலாம் என்று செலவாக ஒரு தொகையைப் பதிவதும் இதே வகைதான். இன்னும் நடக்காத ஒன்றால் கடப்பாடு எழாது. பயம் இருந்தால் இலாபத்திலிருந்து ஒதுக்கம் ஒன்றுக்கு மாற்றி வைக்கலாம், அதற்குத் தடையில்லை. அது செலவு ஆகாது, அவ்வளவுதான்.

சரி, ஒரு வருடம் போகட்டும். விவசாயப் போதனாசிரியரின் சாட்சியமும் நீர்ப் பரிசோதனை அறிக்கையும் ஆலைக்கு எதிராக அமைகின்றன. 2025 மார்ச்சில் சட்டத்தரணி, தோற்கத்தான் வாய்ப்புக் கூட என்கிறார். 40 இலட்சம் கொடுக்கச் சொல்ல மாட்டார்கள், அழிந்த ஏக்கர் கணக்கையும் விளைச்சலையும் பார்த்தால் 16 இலட்சமளவில் வரும் என்பது அவர் கணிப்பு. இனி குறிப்போடு நிற்க முடியாது. நட்டஈட்டுச் செலவுக் கணக்கு வரவு 16 இலட்சம், ஏற்பாட்டுக் கணக்கு செலவு 16 இலட்சம். கேட்ட தொகையை அப்படியே பதிவது எவ்வளவு தவறோ, போன ஆண்டுக் குறிப்பை அப்படியே பிரதி எடுத்து ஒட்டுவதும் அவ்வளவு தவறு. இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒருமுறை குறிப்பில் போனது வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும்.

சட்டத்தரணிகள் இப்படித் தெளிவாகச் சொல்வதில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். "வழக்கு நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரிக் கடிதம்தான் வரும். ஆனால் கேட்ட கேள்வியும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். கொடுக்க வேண்டி வருவதற்கு வாய்ப்புக் கூடவா குறைவா, வந்தால் ஆகக் குறைந்தது எவ்வளவு, ஆகக் கூடியது எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். அப்புறமும் பதில் மழுப்பலாக இருந்தால், மதிப்பிட வேண்டியது பணிப்பாளர்களின் பொறுப்பு. மதிப்பிடவே முடியாது என்ற நிலை மிக மிக அரிது என்றே நியமம் கருதுகிறது.

2025 மார்ச் கணக்குகளில் பணிப்பாளர்கள் கையெழுத்திடுவது ஆகஸ்டில். ஜூலையில் தீர்ப்பு வந்து, 19 இலட்சம் கட்டச் சொல்கிறது. "தீர்ப்பு அடுத்த ஆண்டில்தானே வந்தது" என்று 16ஐ அப்படியே விடக்கூடாது. கணக்கு அங்கீகரிக்கப்படும் முன் வந்த தீர்ப்பு, மார்ச் 31இல் இருந்த கடப்பாடு எவ்வளவு என்பதைத்தான் உறுதிப்படுத்துகிறது. ஏற்பாட்டை 19 இலட்சமாகத் திருத்த வேண்டும். கணக்காண்டு முடிந்த பின் நடப்பவை பற்றிய நியமம் 10 சொல்வது இதைத்தான்.

ஆலைக்குக் காப்புறுதியும் இருந்தால்? காப்புறுதிக் கம்பனி 10 இலட்சம் தருமென்று நம்பி, 9 இலட்சத்தை மட்டும் பொறுப்பாகக் காட்டுவது வழக்கமாக நடக்கிறது. காணிக்காரருக்கு 19ஐயும் கொடுக்க வேண்டியது ஆலைதான், அதனால் பொறுப்பு 19 ஆகவே நிற்கும். காப்புறுதிப் பணம் வருவது கிட்டத்தட்ட நிச்சயம் என்றால் மட்டும், உதாரணமாகக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்திருந்தால், 10 இலட்சத்தைத் தனிச் சொத்தாகக் காட்டலாம். இலாப நட்டக் கூற்றில் மட்டும் இரண்டையும் கழித்து 9 என்று காட்ட அனுமதி உண்டு.

கடைசியாக அந்தக் குறிப்பு. "கம்பனிக்கு எதிராக வழக்கொன்று உள்ளது" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. 2024க்கான குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: "2024 ஜனவரியில் ஆலையின் கழிவுநீர் பாய்ந்ததால் பயிர் சேதமானதாகக் கூறி 40 இலட்சம் ரூபா கோரி வழக்குத் தொடரப்பட்டுள்ளது. சேதத்தின் காரணம் தீர்மானிக்கப்படவில்லை. சட்ட ஆலோசனையின்படி பொறுப்பு ஏற்படும் வாய்ப்புக் குறைவு என்பதால் ஏற்பாடு செய்யப்படவில்லை. பொறுப்பு ஏற்பட்டால் ஒரு பகுதியைக் காப்புறுதியிலிருந்து கோரலாம்." எதிராளி இதைப் படித்துவிடுவாரே என்ற பயம் நியாயமானதுதான். வெளியிட்டால் வழக்கே கடுமையாகப் பாதிக்கப்படும் என்ற மிக அரிதான நிலையில் விபரங்களை விடலாம். அப்போதும் தகராறு எத்தகையது என்பதையும், விபரம் விடப்பட்டதையும், ஏன் விடப்பட்டது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.